திருமுறை சேனலுக்குப் புதிதாக வரும் தொண்டர்கள்: கேமரா, கேப்ஷன், சரிபார்ப்பு, ஒப்படைப்புத் தாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பிரதோஷத்தன்றும் குருபூசை நாட்களிலும் ஓதுவார் ஐயா பாடும் பதிகங்களைப் பதிவு செய்து, பாடலின் எழுத்தையும் சேர்த்து யூடியூபில் போடுகிறோம். கல்லூரிப் பிள்ளைகள், வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்று தொண்டு செய்ய வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

நான் புதுசு. மூன்று வேலையில் எதில் ஆரம்பிப்பது?

எழுத்துப் பிழை கண்ணில் படுகிறவர் என்றால் கேப்ஷனில் ஆரம்பியுங்கள். கூட்டத்தில் ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் பொறுமையாக நிற்க முடியும் என்றால் கேமரா. சரிபார்ப்பை மட்டும் முதல் வேலையாக யாருக்கும் கொடுப்பதில்லை. மற்ற இரண்டையும் சில முறை செய்தவருக்குத்தான் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியும்.

கேமராவுக்கு வருகிறவர் முதல் இரண்டு பிரதோஷம் பழைய தொண்டர் பக்கத்தில் நின்று பார்ப்பார். மூன்றாவதில் அவர் எடுப்பார், பழையவர் பக்கத்தில் நிற்பார். கேப்ஷனுக்கு வருகிறவரிடம் முன்பே வெளியான ஒரு பதிகத்தின் கோப்பில் நாங்களே ஆறேழு பிழை வைத்துக் கொடுப்போம். அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு எல்லாவற்றையும் கண்டுபிடித்தால் அடுத்த வாரம் சொந்தமாக ஒரு பதிகம்.

ஒப்படைப்புத் தாள் என்று ஒன்று தருகிறீர்களே, வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாதா?

ஒரு முறை வாட்ஸ்அப்பை நம்பித்தான் கோட்டை விட்டோம். அன்று ஓதுவார் ஐயா முதல் திருமுறையின் முதல் பதிகம் பாடினார். திருப்பிரமபுரம் என்கிற சீர்காழிப் பதிகம், பண் நட்டபாடை, மொத்தம் 11 பாட்டு. அபிஷேகம் முடிய நேரமாகிவிட்டதால் 1, 2, 3, 8, 11 என்று ஐந்து பாட்டு மட்டும் பாடி முடித்தார். கேமராவில் இருந்த தம்பிக்கு அது தெரியும். “பதிகம் முழுக்க எடுத்தாச்சு” என்று மட்டும் குழுவில் எழுதினான். அவன் சொன்னதும் பொய்யில்லை. பாடியது முழுவதையும் எடுத்திருந்தான்.

கேப்ஷன் போட்ட தங்கை புதிது. பதிகத்தை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனாள். அந்தப் பதிகத்தில் முதல் பத்துப் பாட்டும் ஒரே அடியில்தான் முடியும். அதனால் எட்டாம் பாட்டு ஒலிக்கும்போது நான்காம் பாட்டின் எழுத்து ஓடினாலும், கடைசி அடி வந்ததும் ஒலியும் எழுத்தும் ஒன்று சேர்ந்துவிடுகின்றன. பதினொன்றாம் பாட்டு வந்ததும் அவளுக்குக் குழப்பம். கடைசிப் பாட்டுதான் இது என்று தெரிந்ததால் அதை மட்டும் எடுத்துச் சரியாகப் பொருத்திவிட்டாள். சரிபார்த்தவர் முதல் மூன்று பாட்டையும் கடைசிப் பாட்டையும் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. வெளியான மறுநாள் ஒரு பெரியவர் கோயிலிலேயே பிடித்துக்கொண்டார்: “காதில் இராவணன் வருகிறான், கண்ணில் முப்புரம் எரிகிறது, என்னப்பா இது?”

மூன்று பேரும் அவரவர் வேலையைச் செய்தோம். என்ன பாடினார் என்ற செய்தி மட்டும் கை மாறவில்லை. வீடியோவைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். பதிகம் மனப்பாடமாகத் தெரிந்தவருக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது. அவருக்காகத்தான் தாள்.

தாளில் என்னென்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம்தான். மேலே சொன்ன நாளுக்குத் தாள் இருந்திருந்தால் இப்படி இருந்திருக்கும்:

பதிகம்: முதல் திருமுறை, 1-வது பதிகம், திருப்பிரமபுரம்
பாடிய பாட்டு: 1, 2, 3, 8, 11
திரும்பப் பாடியது: ஒவ்வொரு பாட்டிலும் கடைசி அடி இரண்டு முறை
கோப்பு: `2025-01-27_T1-001_v1.mp4`, மொத்தம் 2 துண்டு
ஒலி: 14-வது நிமிடம் மணியோசை, சொல் கேட்கவில்லை
வெட்ட வேண்டியது: தொடக்கத்தில் 40 வினாடி
கேட்டுத் தெளிய வேண்டியது: இரண்டாம் பாட்டில் ஒரு சொல்
யார் கொடுத்தது, யார் வாங்கியது, நேரம்

கேமராக்காரர் எல்லா வரியையும் நிரப்ப வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் “இல்லை” என்று எழுதுங்கள், வெறுமனே விடாதீர்கள். வெற்று வரியைப் பார்ப்பவருக்கு, ஒன்றும் இல்லாததால் விட்டாரா, எழுத மறந்தாரா என்று தெரியாது. கேப்ஷன் போடுபவர் அதே தாளின் கீழ்ப் பாதியில் தன் சந்தேகங்களை நிமிடக் கணக்கோடு எழுதிச் சரிபார்ப்பவருக்குக் கொடுப்பார். தாளைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

இந்தத் தாளில் முக்கியமான வரி “பாடிய பாட்டு” என்பதுதான். அதை வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதக் கூடாது. பாடும்போதே ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எண்ணைக் குறித்துவிடுங்கள். எண் தெரியவில்லை என்றால் பாட்டின் முதல் சொல்லை எழுதினால் போதும்.

செல்போன் கொண்டுபோகவே கூடாது என்கிறார்களே, எப்படி எடுப்பது?

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. ஆகவே உங்கள் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. எங்களுக்குச் செயல் அலுவலரிடம் எழுத்தில் வாங்கிய அனுமதி இருக்கிறது. எந்த நாட்கள், எந்த மண்டபம், யார் யார் என்று அதில் உள்ளது. அதன் நகல் கேமராப் பையிலேயே இருக்கும். புதியவர் பெயரைச் சேர்க்காமல் அவரைக் கேமராவுக்கு அனுப்ப மாட்டோம்.

அனுமதி இருந்தாலும் மூலவரை எடுப்பதில்லை. கேமரா மகாமண்டபத்தில் பக்கவாட்டில், ஓதுவார் ஐயாவைப் பார்த்து இருக்கும். சட்டகத்தின் ஓரத்தில் கருவறை வாசல் தெரிகிறதா என்று பதிவுக்கு முன்பே பாருங்கள். பிரதோஷத்தன்று நந்திக்கும் சுவாமிக்கும் நடுவில் ஸ்டாண்டு போடக் கூடாது. அந்த நேரத்தில் எல்லாரும் நந்தியின் கொம்புகளுக்கு இடையே தரிசிக்கக் காத்திருப்பார்கள்.

பதிவை ஆரம்பிப்பதற்கு முன் கேமராவில் என்ன பார்க்க வேண்டும்?

போனில் எடுப்பதாக இருந்தால் முதலில் ஏரோப்ளேன் மோடு. பதிவின் நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவே நின்றுபோகும். அப்புறம் இடம். 1080p-யில் ஒரு நிமிடத்துக்கு 130 எம்.பி. வரை பிடிக்கும் போன்கள் உண்டு, அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 8 ஜி.பி. அதைப் போல இரண்டு மடங்கு காலியாக இருந்தால் நிம்மதி.

அடுத்தது வெளிச்சம். தீபாராதனை காட்டும்போது சூடத்தின் சுடரைப் பார்த்ததும் கேமரா தானாக மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். சுடர் அணைந்ததும் மறுபடி வெளுக்கும். இதைத் தவிர்க்க, பாட ஆரம்பிக்கும் முன் ஓதுவார் ஐயாவின் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், பூட்டுக் குறி வரும். அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். சுடர் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், பரவாயில்லை, முகம் மாறாமல் இருக்கும்.

எல்.இ.டி. விளக்குக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடினால், ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்குகள் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் அதோடு ஒத்துப்போனால் கோடு நின்றுவிடும்.

சட்டைக் காலர் மைக் வாங்கியிருக்கிறோம், ஐயாவுக்கு எங்கே மாட்டுவது?

மாட்ட இடமில்லை என்பதுதான் உண்மை. சந்நிதியில் அவர் மேலாடை இல்லாமல், அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். உருத்திராக்க மாலையில் ஒருமுறை மாட்டிப் பார்த்தோம். மணிகள் உரசும் சத்தம் பாட்டு முழுக்கக் கேட்டது. இப்போது சின்ன ஸ்டாண்டில் வைத்து, வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, நெஞ்சு உயரத்தில் வைக்கிறோம்.

கையில் தாளம் போட்டுப் பாடுவார் என்றால் மைக் தாளத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். வெண்கலத் தாளம் நேராக மைக்கில் அடித்தால் சொல்லின் முதல் எழுத்து அமுங்கிப்போகும், கேப்ஷன் போடுபவருக்கு அதுதான் பெரிய துன்பம். பதிவுக்கு முன் முப்பது வினாடி எடுத்து இயர்போனில் கேட்டுப் பாருங்கள். மைக்கை இடம் மாற்ற வேண்டும் என்றால் அவர் பாட ஆரம்பிக்கும் முன் கேட்டு மாற்றுங்கள். பாடும்போது குறுக்கே போகக் கூடாது.

எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதுமா?

வேண்டாம். வீடியோவாக அனுப்பினால் சுருக்கித்தான் போகும், படமும் ஒலியும் குறைந்துவிடும். டிரைவில் ஏற்றுங்கள், இல்லை என்றால் மெமரி கார்டைக் கையில் கொடுங்கள். கேப்ஷன் போடுபவர் கோப்பைத் திறந்து பார்த்துச் சொல்லும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

தாளில் “மொத்தம் எத்தனை துண்டு” என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. பல கேமராக்கள் ஒரு கோப்பு 4 ஜி.பி. ஆனதும் தானாகவே அடுத்த கோப்பை ஆரம்பித்துவிடும். எடுத்தவர் ஒரே பதிவு என்று நினைத்து முதல் துண்டை மட்டும் ஏற்றுவார். வாங்கியவருக்குப் பதிகம் பாதியில் நின்றதாகத் தோன்றும், கேமராதான் நின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்.

கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில், முதலில் தேதி, அப்புறம் திருமுறை எண், பதிக எண், பிறகு `v1`. திருத்தினால் `v2`. “final”, “final new” என்று பெயர் வைத்தால் எது கடைசி என்று ஒரு வாரத்தில் யாருக்கும் தெரியாது.

கேப்ஷன் கோப்பு என்றால் என்ன, எதில் அடிப்பது?

சாதாரண எழுத்துக் கோப்புதான், பெயர் `.srt` என்று முடியும். வரிசை எண், எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்ற நேரம், பிறகு எழுத்து. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வெற்று வரி:

```
1
00:00:42,300 --> 00:00:51,800
தோடுடைய செவியன் விடையேறியோர்
தூவெண் மதிசூடி
```

நொடிக்குப் பிறகு வருவது காற்புள்ளி, முற்றுப்புள்ளி இல்லை. நோட்பேடில் அடித்தால் சேமிக்கும்போது `UTF-8` என்று இருக்கிறதா பாருங்கள். வேறு ஏதாவது இருந்தால் திரையில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். போனில் பார்ப்பவருக்கு மூன்றாவது வரி ஓதுவாரின் முகத்தை மறைக்கும்.

பாட்டை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டலாமா? முழுவதும் அடிக்க நேரம் ஆகிறதே.

ஒட்டலாம், ஆனால் அச்சுப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான். குழுவில் எல்லாரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்கிறோம். ஒருவர் சந்தி சேர்த்த பதிப்பையும் இன்னொருவர் பதம் பிரித்த பதிப்பையும் பார்த்தால், பிழை இல்லாத இடத்திலும் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

ஒட்டிய பாடலில் வரும் பிழைகளுக்கு ஒரு முகம் உண்டு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியதாக இருந்தால் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ நிற்கும். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், தேடினால் மட்டும் அந்தச் சொல் கிடைக்காது. ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் ‘ள’ இருக்கும். படத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் ண, ன, ழ, ள புள்ளிகள் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. கண் பழகும் வரை சத்தமாக வாசித்து ஒப்பிடுங்கள். புதியவருக்கு ஒரு முழுப் பதிகத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த மாட்டோம்.

வரியை எங்கே உடைப்பது? அவர் ஒரு சொல்லை அரை நிமிடம் இழுக்கிறாரே?

அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் உடையுங்கள். புத்தகத்தில் அடி முடியும் இடமும் அவர் நிறுத்தும் இடமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. பார்ப்பவர் கூடவே பாடுவார், ஆகவே பாடுகிறவரின் மூச்சுதான் கணக்கு. ஆனால் சொல்லை நடுவில் வெட்டக் கூடாது. மேலே காட்டிய அடியில் ‘விடையேறியோர்’ என்பது ‘விடையேறி ஓர்’. அவர் ‘ஏறி’யில் நிறுத்திவிட்டு ‘ஓர் தூவெண் மதிசூடி’ என்று எடுத்தால் அங்கே பிரித்துக்கொள்ளலாம். ‘விடையேறி’ என்று ஒரு வரி, ‘யோர்’ என்று அடுத்த வரி வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

இழுத்துப் பாடும் வரை அந்த வரி திரையிலேயே நிற்கட்டும். திரும்பப் பாடினால் எழுத்தும் திரும்ப வர வேண்டும். பாட்டுக்கு முன் பண்ணை ஆலாபனை செய்யும்போது திரை காலியாக இருக்கலாம். சொல் ஒலிக்கும் கணத்துக்குச் சற்று முன்பே எழுத்து வந்துவிடட்டும், அரை நொடி போதும். தாமதமாக வந்தால் கூடப் பாட முடியாது.

புத்தகத்தில் 6-க்கு அப்புறம் 8 வருகிறது. அச்சுப் பிழையா?

இல்லை. சம்பந்தர் பதிகங்கள் பலவற்றில் ஏழாம் பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை. புத்தகத்தில் அந்த இடத்தில் அது சிதைந்துபோனதாகக் குறிப்பு இருக்கும். எண்ணை நீங்களாக 7 என்று திருத்தாதீர்கள். தாளில் எழுதும்போதும் புத்தக எண்ணையே எழுதுங்கள்.

சரிபார்ப்பு என்றால் வீடியோவை ஒருமுறை பார்ப்பதுதானே?

எழுத்தோடு பார்த்தால் பிழை தெரியாது. கண் எதைப் படிக்கிறதோ அதையே காது கேட்டதாக நம்பிவிடும். எழுத்தில் ‘மலை’ என்று இருந்தால் அவர் ‘மழை’ என்று பாடியதும் ‘மலை’ என்றே விழும். ஆகவே முதல் சுற்றில் கேப்ஷனை அணைத்துவிட்டு, கையில் புத்தகத்தையும் தாளையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். பாடியதாகத் தாளில் உள்ள எண்களும் காதில் விழுவதும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் சுற்றில் கேப்ஷனோடு, முழுவதையும், நடுவில் தாண்டாமல்.

சம்பந்தர் பதிகம் என்றால் ஒரு விரைவுச் சோதனை இருக்கிறது. பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடுவார்கள், பத்தில் சமணரும் புத்தரும், கடைசியில் சம்பந்தர் பெயரும் பாடினால் வரும் பலனும், அதாவது திருக்கடைக்காப்பு. அந்தச் சொற்கள் காதில் விழும் கணத்தில் திரையிலும் அவையே இருக்கின்றனவா பாருங்கள். முதல் பதிகத்தில் நாங்கள் செய்த பிழையை இந்தச் சோதனை ஒரே நிமிடத்தில் காட்டிக்கொடுத்திருக்கும். நாவுக்கரசர், சுந்தரர் பதிகங்களுக்கு இந்த வரிசையை அப்படியே நம்பாதீர்கள். நாவுக்கரசர் பதிகங்கள் பலவற்றில் இராவணன் கடைசிப் பாட்டில் வருவான்.

ஆள் குறைவு. கேப்ஷன் போட்டவரே சரிபார்க்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் ஒரு இரவு கழித்து, மேலே சொன்ன முதல் சுற்றைக் கட்டாயம் செய்து பாருங்கள். அப்புறம் கடைசிப் பாட்டிலிருந்து முதல் பாட்டுக்குப் பின்னோக்கி வாசியுங்கள். மனப்பாடத்தில் ஓடும் நாக்கை அது நிறுத்தும். கேமராக்காரரைச் சரிபார்க்கச் சொல்வது இதைவிட நல்லது. அவர் அங்கேயே நின்று கேட்டவர்.

ஐயா ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டார். எதைப் போடுவது?

முதலில் அது பிழை என்று முடிவு கட்டாதீர்கள். பாடபேதம் இருக்கலாம், அவருடைய ஆசிரியர் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். தாளில் “கேட்டுத் தெளிய வேண்டியது” என்ற வரியில் பாட்டு எண்ணையும் நிமிடத்தையும் எழுதுங்கள். சரிபார்ப்பவர் அவரை நேரில் பார்த்துக் கேட்பார். குழுவில் எல்லார் முன்னிலும் எழுதிக் கேட்கக் கூடாது. “ஐயா, இந்த இடத்தில் எங்கள் புத்தகத்தில் இப்படி இருக்கிறது, நீங்கள் பாடுகிற பாடம் எது?” என்று கேட்டால் அவரே மகிழ்ந்து விளக்குவார்.

பாடபேதம் என்று சொன்னால் அவர் பாடியபடியே போடுகிறோம். நாக்கு தவறியது என்றால் புத்தகத்தில் உள்ளபடி போடுகிறோம். ஒலியில் கை வைப்பதில்லை. ஒரு பாட்டு முழுக்கப் பிசகிவிட்டது, எடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னால் அந்தப் பாட்டை வெட்டிவிட்டு, தாளில் அதன் எண்ணைக் கோடு போட்டு அடித்துவிடுவோம்.

பத்தாம் பாட்டில் சமணர், புத்தரைப் பற்றிக் கடுமையாக வருகிறது. அதை மட்டும் எழுத்தில் விட்டுவிடலாமா?

பாடியதை எழுதுவதுதான் கேப்ஷன். ஒலியில் இருந்து எழுத்தில் இல்லை என்றால், காது கேளாதவருக்கு மட்டும் நாம் ஒன்றை மறைத்ததாக ஆகும். 7-ஆம் நூற்றாண்டுச் சமயப் பூசலின் குரல் அது, அந்தக் காலத்தின் சொல்லாகவே நிற்கட்டும். எந்தப் பாட்டைப் பாடுவது என்பது ஓதுவார் ஐயாவின் முடிவு. ஆனால் அந்த அடியை எடுத்துத் தலைப்பிலோ சிறு வீடியோவிலோ போட மாட்டோம். கருத்துப் பகுதியில் அதை வைத்து யாரையும் இழிவாக எழுதினால் நீக்கிவிடுவோம். இதில் என் மனம் தெளிவாக இருக்கிறது.

சேனலின் பாஸ்வேர்டு கொடுத்தால் நானே ஏற்றிவிடுவேனே?

பாஸ்வேர்டு யாருக்கும் கொடுப்பதில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் `Settings`, அதில் `Permissions` போனால் ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சலில் சேர்க்க முடியும். கேப்ஷன் போடுபவருக்கு `Subtitle editor` போதும். அவரால் வீடியோவை அழிக்கவோ வெளியிடவோ முடியாது, தெரியாமல் கை பட்டுவிடுமோ என்ற பயமும் அவருக்கு இருக்காது. விலகிப் போகிறவரின் பெயரை அன்றே எடுத்துவிடலாம்.

வீடியோ முதலில் `Unlisted` ஆக ஏறும். சரிபார்த்தவர் தாளில் கையெழுத்திட்ட பிறகுதான் வெளியாகும்.

பதிப்புரிமைப் புகார் வந்துவிட்டது. தேவாரத்துக்கு யார் உரிமை கொண்டாடுவது?

பாடலுக்கு இல்லை, பின்னால் ஓடிய ஒலிப்பதிவுக்கு. கோயில் ஒலிபெருக்கியில் யாரோ பக்திப் பாடல் போட்டிருப்பார்கள், அது நம் மைக்கில் விழுந்திருக்கும். யூடியூப் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிடும். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று ஸ்டுடியோவில் காட்டும். அது பெரும்பாலும் பாட்டுக்கு முன்னோ பின்னோ இருக்கும், அங்கேயே வெட்டிவிடலாம். நடுவில் விழுந்திருந்தால் சிரமம்தான். அதனால் கேமராக்காரர் பதிவுக்கு முன் அலுவலகத்தில் சொல்லி ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தவில்லை என்றால் தாளில் “ஒலி” என்ற வரியில் அதை எழுத வேண்டும்.

வெளியான பிறகு பிழை தெரிந்தால்?

எழுத்துப் பிழை என்றால் `v2` கேப்ஷன் கோப்பை ஏற்றிப் பழையதை எடுத்துவிடுங்கள், இணைப்பு மாறாது. படத்திலோ ஒலியிலோ பிழை என்றால் அதே இணைப்பில் வேறு வீடியோவை வைக்க முடியாது. ஸ்டுடியோவில் வெட்டுவது, முகத்தை மங்கலாக்குவது போன்ற சிலதுதான் முடியும். பெற்றோர் அனுமதி இல்லாமல் ஒரு குழந்தையின் முகம் அருகில் வந்துவிட்டது என்று தெரிந்தால் அதை உடனே மங்கலாக்கிவிடுகிறோம், கேட்கும் வரை காத்திருப்பதில்லை.

பிழையை எடுத்துச் சொன்னவருக்கு நன்றி எழுதுங்கள். அப்புறம் பழைய தாளைத் தேடி எடுத்து, எந்தக் கையில் தப்பியது என்று பாருங்கள். தாளில் அதைக் கேட்கும் வரியே இல்லை என்றால் ஒரு வரி சேருங்கள். “பாடிய பாட்டு” என்ற வரி அப்படி வந்ததுதான், “மொத்தம் எத்தனை துண்டு” என்பதும் அப்படித்தான்.